வெள்ளை மண்ணும் வெந்தணலும்

ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் இன்று அமைதியான கடலோர ஊர். அங்கே நிலத்தைத் தோண்டிய தொல்லியல் ஆய்வாளர்களுக்குச் சீனப் பாண்டங்களின் சில்லுகள் நிறையக் கிடைத்தன. பலவும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வெளிர்பச்சைப் பூச்சுக் கொண்டவையும் வெள்ளை வெளேரென்று இருப்பவையும் அவற்றில் உண்டு. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் உப்புக்காற்றிலும் ஈரமண்ணிலும் கிடந்தும் அவற்றின் உடைந்த விளிம்புகூட மாவாக உதிரவில்லை.

சீனப் பாண்டங்கள் நம் கரைக்கு மட்டும் வரவில்லை. பாரசீக வளைகுடா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பாதி உலகத்துக்குக் கப்பலேறின. கி.பி. 851-ஐச் சேர்ந்த ஓர் அரபுப் பயணக் குறிப்பு, சீனர்கள் களிமண்ணில் செய்யும் கிண்ணங்கள் கண்ணாடிபோல் மெலிந்தவை, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியிலிருந்தே தெரியும் என்று வியக்கிறது. அதைப் படித்தவர்களும் அந்தக் கிண்ணங்களைக் கையில் ஏந்தியவர்களும் அதேபோல் ஒன்றைச் செய்துவிடத் துடித்தார்கள். பாக்தாத் கலீபாக்களின் காலத்துக் குயவர்கள் முயன்றார்கள். இத்தாலியப் பிரபுக்கள் முயன்றார்கள். ஆனால் உண்மையான பீங்கான் ஐரோப்பாவில் ஒரு சூளையிலிருந்து வெளிவந்தது 1708-இல்தான். அந்த அரபுக் குறிப்புக்குப் பிறகு 850 ஆண்டுகளுக்கும் மேல்!

கையில் பொருள் இருந்தது. உடைத்துப் பார்க்கச் சில்லுகளும் இருந்தன. பணம் கொட்ட அரசர்கள் இருந்தார்கள். பிறகு ஏன் இத்தனை காலம்? சீனர்கள் ரகசியத்தைப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருந்தாலும் அது சிறு பகுதிதான். பீங்கானைப் பார்த்தவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒளி ஊடுருவுகிறது, ஆகவே இதில் கண்ணாடி கலந்திருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் அந்த முடிவு அவர்களை நேர் எதிர்த் திசையில் நடக்க வைத்தது.

இதைப் புரிந்துகொள்ள, மண் வேகும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் மண்பானை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகிறது. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் இடையில் நுண்துளைகள் அப்படியே இருக்கும். அந்தத் துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. ஊறுகாய் ஜாடி வேறு வகை. அதற்கான களிமண் 1200 டிகிரியைத் தாங்கும். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துவிடும். அதனால் எண்ணெயும் உப்பும் ஜாடியின் உடலுக்குள் இறங்குவதில்லை. ஆனால் அந்த மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் ஜாடி பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வேகிறது. ஒளியும் அதனுள் புகாது.

பீங்கான் இதற்கும் அடுத்த படி. அதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கயோலின் என்ற வெள்ளைக் களிமண். கிரானைட் போன்ற பாறைகளில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் பல லட்சம் ஆண்டுகள் சிதைந்து உண்டாவது இது. இரும்பு மிகமிகக் குறைவு, அதனால் வெந்த பிறகும் வெள்ளையாகவே இருக்கும். தனியாகச் சூடேற்றினால் 1700 டிகிரியைத் தாண்டினாலொழிய உருகாது. மற்றொன்று, அந்தப் பகுதியில் கிடைக்கும் ஒரு வெளிறிய கல். குவார்ட்ஸும், பொட்டாசியம் நிறைந்த மைக்காவும் கலந்தது. இதைப் பொடித்துக் கரைத்து, வண்டலைச் சிறு செங்கற்களாக அறுத்துக் காயவைத்து விற்பார்கள். இதை வெள்ளைக்கல் என்றே இங்கே அழைப்போம். இது கயோலினைவிடப் பல நூறு டிகிரி முன்பாகவே இளகத் தொடங்கும்.

இரண்டையும் பிசைந்து, வனைந்து, சூளையில் ஏற்றுகிறார்கள். சுமார் 600 டிகிரிக்குள் கயோலின் தன் படிகத்துக்குள் பிடித்து வைத்திருந்த நீரை இழந்துவிடும். 1000 டிகிரியைத் தாண்டியதும் அதில் முல்லைட் என்ற புதிய கனிமம் உருவாகத் தொடங்கும். சூடு ஏறஏற அது கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக வளரும். இன்னொரு பக்கம் வெள்ளைக்கல் உருகிக் கெட்டியான பாகாகி, துளை ஒவ்வொன்றையும் நிரப்பும். ஆறியதும் அந்தப் பாகு கண்ணாடியாக இறுகுகிறது. காங்கிரீட்டுக்குள் கம்பி போல, கண்ணாடிக்குள் முல்லைட் ஊசிகள் பின்னிக் கிடக்கின்றன. துளைகள் மறைந்துவிட்டதால் ஒளி சிதறாமல் உள்ளே புகுந்து மறுபக்கம் மங்கலாகத் தெரிகிறது. ஊசிகள் இருப்பதால் பாண்டம் உறுதியாக இருக்கிறது, தட்டினால் மணிபோல் ஒலிக்கிறது.

ஆக, பீங்கானில் கண்ணாடி உண்டு என்பது உண்மைதான். ஆனால் யாரும் அதை வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கவில்லை. சூளைக்குள், பாண்டத்தின் உடலிலேயே அது பிறக்கிறது. அப்படிப் பிறக்க வேண்டுமானால் சூடு 1280, 1300 டிகிரியைத் தொட வேண்டும். அந்தச் சூட்டில் பாண்டம் இளகி உட்கார்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க உருகாத கயோலின் வேண்டும். மண்ணும் கல்லும் வெப்பமும் மூன்றும் சேர்ந்தால்தான் பீங்கான். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. நகலெடுக்க முயன்றவர்களை வீழ்த்தியது இந்த முடிச்சுதான்.

சீனர்களும் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. தென்கிழக்குச் சீனாவின் ஜெஜியாங் பகுதியில் ஹான் வம்சத்தின் பிற்காலத்திலேயே, அதாவது கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், 1200 டிகிரிக்கு மேல் சுட்ட, நீர் கசியாத பச்சைப் பூச்சுப் பாண்டங்கள் வந்துவிட்டன. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் வடசீனக் குயவர்கள் இரும்பு குறைந்த மண்ணைக் கண்டு வெள்ளைப் பாண்டம் செய்தார்கள். தெற்கே ஜியாங்சி மாநிலத்தில் சாங்னான் என்றொரு ஊர். 1004-இல் ஆட்சியிலிருந்த சுங் பேரரசரின் ஆட்சிப் பெயரான ஜிங்தே என்பதை ஏற்று அது ஜிங்தேஜென் ஆயிற்று. உலகப் பீங்கானின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் அதுதான்.

அங்கே முதலில் வெள்ளைக்கல்லை மட்டும் கொண்டே பாண்டம் செய்தார்கள். அந்தக் கல்லில் இயற்கையாகவே சிறிதளவு களிமண் தன்மை உண்டு. அதனால் சிறிய கிண்ணங்கள் நன்றாக வந்தன. பெரிய தட்டுகள் வெப்பத்தில் தாங்காமல் கோணின. மங்கோலியரின் யுவான் வம்சக் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டை ஒட்டி, பக்கத்து மலைகளில் கிடைத்த வெண்களிமண்ணைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதில் பேர்பெற்றது காவ்லிங் மலையின் மண். கயோலின் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அதைச் சேர்த்ததும் பாண்டம் கூடுதல் சூட்டைத் தாங்கியது. ஒரு முழத்துக்குமேல் அகலமான தட்டுகளும் உயர்ந்த ஜாடிகளும் கோணாமல் வந்தன. பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட் நீலத்தில் ஓவியம் தீட்டிய பெரும் பாண்டங்கள் அந்த நூற்றாண்டில் உலகைச் சுற்றியதற்குப் பின்னால் இந்தக் கலவை மாற்றம் இருக்கிறது.

மண் கிடைத்தால் போதுமா? 1300 டிகிரியை எட்டுவது அவ்வளவு எளிதல்ல. நெருப்பு எவ்வளவு எரிந்தாலும் சூடு ஏறஏறச் சூளை அதை வெளியே இழப்பதும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சூளையின் செங்கல்லே இளகத் தொடங்கும். தென்சீனக் குயவர்கள் இதற்குக் கண்ட விடை, மலைச்சரிவில் கட்டிய நீண்ட சூளை. டிராகன் சூளை என்று அதற்குப் பெயர். சரிவில் படுத்த நீளமான குகைபோல் பல பத்து மீட்டர் நீண்டு கிடக்கும். அடிவாரத்தில் தீ மூட்டினால் சரிவே புகைபோக்கியாகி அனலை மேலே இழுக்கும். கீழ்ப்பகுதியை வேகவைத்த அனல் வீணாகாமல் மேற்பகுதியைச் சூடாக்கிக்கொண்டே போகும். பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் பைன் விறகைப் போட்டு, படிப்படியாகச் சூட்டை மேலேற்றுவார்கள். பிற்காலத்தில் ஜிங்தேஜென்னில் முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த வடிவிலான சூளை வந்தது.

பாண்டங்களை அப்படியே அனலில் வைப்பதில்லை. சாம்பல் பறந்து ஒட்டி வெள்ளையைக் கெடுத்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் முரட்டுக் களிமண் உறைக்குள் வைத்து, உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். காற்றைக் குறைத்துப் புகையடைத்து எரித்தால், பூச்சில் இருக்கும் துளி இரும்பு இளநீலச் சாயல் தரும். காற்று தாராளமாக விட்டால் அதே இரும்பு மஞ்சள் தட்டச் செய்யும். தெற்கத்திய வெள்ளைக்கும் வடசீனத் தந்தநிற வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே முக்கியக் காரணம். வெப்பமானி இல்லாத காலத்தில் பதம் பார்க்க, துளையிட்ட சிறு சில்லுகளைச் சூளைக்குள் வைத்து, கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார்கள். பூச்சு உருகிப் பளபளத்திருக்கிறதா, இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

பதம் தப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். சூடு போதாவிட்டால் பாண்டம் சுண்ணாம்புபோல் மந்தமாக நிற்கும். உடைந்த விளிம்பில் மைத்துளி வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும், தட்டினால் ஒலி செத்திருக்கும். சூடு மிஞ்சினால் வாய் கோணும், அடி தொய்யும், உடலில் கொப்புளம் எழும். துளைகள் மூடுவதால் பாண்டம் எப்படியும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அளவில் சுருங்கும். சுருக்கம் ஒரே சீராக இல்லாவிட்டால் அப்போதும் கோணல்தான். ஜிங்தேஜென் கலவையில் இருந்த பொட்டாசியம் இங்கே பெரிய உதவி. அது உண்டாக்கும் பாகு மிகக் கெட்டியானது, சட்டென்று ஓடாது. அதனால் சூளையில் சில பத்து டிகிரி முன்பின் ஆனாலும் பாண்டம் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது மேற்கே வருவோம். 9-ஆம் நூற்றாண்டு ஈராக்கின் குயவர்களிடம் வெள்ளை மண்ணும் இல்லை, அந்தச் சூட்டுக்கான சூளையும் இல்லை. அவர்கள் மஞ்சள் மண் பாண்டத்தின்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சைத் தடவி வெள்ளையாக்கினார்கள். பார்க்க அழகு. ஆனால் பூச்சு உரிந்தால் உள்ளே மண்தான். பல நூற்றாண்டுகள் கழித்து டெல்ஃப்ட் நகர டச்சுக்காரர்கள் செய்ததும் இதே உத்திதான்.

1575 முதல் 1587 வரை ஃபிளாரன்ஸில் பிரான்செஸ்கோ டி மெடிச்சி தன் செலவில் பட்டறை நடத்தினார். அங்கே வெள்ளைக் களிமண்ணோடு மணலும் அரைத்த கண்ணாடியும் கலந்தார்கள். இன்று அதில் எழுபது பாண்டங்கள்கூட எஞ்சவில்லை. இருப்பவற்றிலும் பல கோணலும் குமிழும் கொண்டவை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூவாங், செயின்ட் கிளவ் என்ற பிரெஞ்சு ஊர்களிலும் கண்ணாடி கலந்த பாண்டங்கள் வந்தன. இவ்வகைக்கு மென்பீங்கான் என்று பெயர். கண்ணாடி ஏற்கெனவே எளிதில் உருகக்கூடியது. அதைக் கலக்கக் கலக்கப் பாண்டம் தாங்கும் சூடு குறையும். வேகும் சூட்டுக்கும் சரியும் சூட்டுக்கும் இடைவெளி மிகச் சிறிதாகிவிடும். அதனால் சூளைக்குச் சூளை இழப்பு மிகுதி. வெளிவந்தவையும் கத்திக் கீறலுக்குத் தாங்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் என்னை வியக்க வைக்கிறது. ரைன் நதிக்கரை ஜெர்மன் குயவர்கள் 1200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கற்பாண்டம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சூட்டுக்கு அருகே போன சூளை ஐரோப்பாவில் இல்லாமல் இல்லை. ஆனால் பீங்கானைத் தேடிய அறிஞர்கள் கண்ணாடிப் பட்டறைகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பாண்டக் குயவரிடம் யாரும் போகவில்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் நிலைமை வேறு. உயர்வெப்பச் சூளைகளில் கற்பாண்டம் செய்த மரபு அங்கே வேரூன்றி இருந்தது. கொரியா 15-ஆம் நூற்றாண்டிலேயே தரமான வெள்ளைப் பீங்கான் செய்தது. ஜப்பான் 1590-களில் கொரியாமீது படையெடுத்துக் குயவர்களைக் கடத்திச் சென்றது. அவர்கள் அரித்தா பகுதியில் தகுந்த கல்லைக் கண்டதும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியப் பீங்கான் பிறந்துவிட்டது. சூளை தயாராக இருந்தது, கல் ஒன்றுதான் பாக்கி.

ஐரோப்பாவில் முடிச்சை அவிழ்த்தவன் ஒரு கைதி. யோஹான் ஃபிரிடிரிஷ் பெட்கர் 1682-இல் பிறந்தவன். பெர்லினில் மருந்துக்கடை வேலையாளாக இருந்தபோது, மற்ற உலோகத்தைப் பொன்னாக்குவேன் என்று சொல்லிச் செய்துகாட்டியதாகப் பேர் பரவியது. பிரஷ்ய மன்னர் பிடித்துவரச் சொன்னதும் 1701-இல் சாக்ஸனிக்குத் தப்பினான். அங்கே ஆண்ட பலவான் அகஸ்டஸ் அவனைத் தன் காவலில் அடைத்து, பொன் செய் என்றார். பொன் வருமா? வரவில்லை. இந்த அகஸ்டஸுக்குச் சீன, ஜப்பானியப் பீங்கான்மீது இருந்த வெறி சாதாரணமானதல்ல. 1717-இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து 151 பீங்கான்களை வாங்கிக்கொண்டவர் அவர்.

சாக்ஸனியில் இன்னொருவர் இருந்தார். எரன்ஃப்ரீட் வால்தர் ஃபான் சிர்ன்ஹவுஸ். கணிதம் அறிந்தவர், பெரிய குவிகண்ணாடிகளும் வில்லைகளும் செய்து சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்துக் கனிமங்களை உருக்கிப் பார்த்தவர். எந்த மண் எந்தச் சூட்டைத் தாங்குகிறது, எது எதோடு கலந்தால் உருகுகிறது என்று அவர் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். தனியாக உருகாத இரு பொருள்கள் சேர்ந்தால் உருகுகின்றன என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. பெட்கரை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பொன்னை விட்டுப் பீங்கானின் பக்கம் அவனைத் திருப்பியவர் அவர்தான். ஃப்ரைபர்க் சுரங்கங்களில் உலோகம் உருக்கிப் பழகிய ஆட்களும் கூட வந்தார்கள். உலோகம் உருக்குபவனுக்கு உயர்வெப்ப உலையைக் கட்டத் தெரியும். கண்ணாடி வழியைக் கைவிட்டு, உருகாத மண்ணையும் அதை இளக்கும் ஒரு கல்லையும் தேடத் தொடங்கிய இடம் இதுதான். திருப்பம் இங்கேதான் நடந்தது.

ட்ரெஸ்டன் நகரக் கோட்டை மதிலின் அடிநிலவறையில் உலைகள் அமைந்தன. முதலில் சிவந்த மண்ணில் கடினமான கற்பாண்டம் வந்தது. இதுவே பெரிய வெற்றி. இந்தச் சூட்டை எட்டிவிட்டோம் என்று அது உறுதி செய்தது. அடுத்து வெள்ளை. 1708 ஜனவரி 15 தேதியிட்ட ஒரு குறிப்புத்தாள் இன்றும் இருக்கிறது. பெட்கரின் ஏழு கலவைகள் அதில் வரிசையாக உள்ளன. கோல்டிட்ஸ் ஊரின் வெண்களிமண்தான் அடிப்படை. இளக்கும் கல்லாக அலபாஸ்டர், அதாவது ஜிப்சம் வகைக் கல். முதல் கலவை வெறும் களிமண். இரண்டாவதில் நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு அலபாஸ்டர், மூன்றாவதில் ஐந்துக்கு ஒன்று, இப்படியே ஏழாவதில் ஒன்பதுக்கு ஒன்று.

விளைவைப் பாருங்கள். ஐந்து மணி நேரம் சுட்டபின் வெறும் களிமண் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். அலபாஸ்டர் மிகுந்த இரண்டாவதும் மூன்றாவதும் சரிந்து விழுந்தன. நாலாவது வடிவம் நின்றது, நிறம் கெட்டது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் நிமிர்ந்து நின்றன. வெள்ளையாக இருந்தன, ஒளியும் ஊடுருவியது. அந்தத் தாளில் பெட்கர் இலத்தீன் மொழியில் அதை எழுதி வைத்தான். ஊகத்தால் ஒரே ஒரு கலவையைச் சுட்டுப் பார்த்திருந்தால் எத்தனை ஆண்டு போயிருக்குமோ! இளக்கும் பொருளின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, எந்த இடத்தில் சரிவு நின்று ஒளி வருகிறது என்று தேடியதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

அலபாஸ்டரின் வேலை சுண்ணாம்பு வழியாக நடக்கிறது. சூட்டில் அது சுண்ணாம்பாக மாறி, களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகும். சீனக் கலவையைப் போல் மெதுவாக இளகாமல், ஒரு சூட்டைத் தொட்டதும் சட்டென்று பாகாகிவிடும். அதனால் மிகச் சிறு தவறுக்கும் தண்டனை கடுமையாக இருந்தது. அலபாஸ்டரை விட்டு ஃபெல்ட்ஸ்பாருக்கு மாறியது பெட்கர் இறந்த பின்தான்.

சிர்ன்ஹவுஸ் 1708 அக்டோபரில் காலமானார். 1709 மார்ச்சில் பெட்கர், தரமான வெள்ளைப் பீங்கானும் அதற்கேற்ற பூச்சும் தன்னால் செய்ய முடியும் என்று மன்னருக்கு எழுதினான். 1710-இல் மெய்ஸன் நகரத்து மலைக்கோட்டையில் ஆலை தொடங்கியது. கோட்டை என்றால் ஆட்கள் தப்ப முடியாது, அதற்காகத்தான். கலவை ரகசியத்தை ஒருவருக்கும் பூச்சின் ரகசியத்தை மற்றொருவருக்கும் பிரித்துச் சொன்னார்கள். ஆவூ என்ற ஊர் சுரங்கத்து வெண்களிமண், கோல்டிட்ஸ் மண்ணைவிடத் தூய்மையானது என்று பின்னர் தெரிந்தது. 1713-இல் லைப்ஸிக் சந்தையில் வெள்ளைப் பீங்கான் விற்பனைக்கு வந்தது. பெட்கர் 1714-இல்தான் விடுதலையானான். நச்சுப் புகையிலும் குடியிலும் கெட்ட உடம்போடு 1719-இல், 37 வயதில் இறந்தான்.

பூட்டி வைத்த ரகசியம் பத்தாண்டுகூட நிற்கவில்லை. ஹங்கர், ஷ்டோல்ட்ஸெல் என்ற இரு பணியாளர்கள் அடுத்தடுத்து வியன்னாவுக்கு ஓடிப்போய்ப் புதிய ஆலையில் சேர்ந்தார்கள். ஹங்கர் அங்கிருந்து வெனிஸ் போய் வெட்ஸி குடும்பத்தின் ஆலை 1720-இல் தொடங்க உதவினார். அந்த ஆலை 1727-இல் மூடப்பட்டது. செய்முறை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மண் சாக்ஸனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த மண்ணின் ஏற்றுமதியை அடைத்ததும் சூளை அணைந்தது. வெறும் செய்முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதே காலத்தில், சீனாவிலிருந்தும் செய்முறை வெளியேறிவிட்டது. பிரெஞ்சு ஜேசுசபைத் துறவி தாந்த்ரகோல் ஜிங்தேஜென் பகுதியில் வாழ்ந்தவர். கிறிஸ்தவராக மாறியிருந்த பீங்கான் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து 1712-இலும் 1722-இலும் விரிவான கடிதங்கள் எழுதினார். உயர்ந்த பாண்டத்துக்கு மண்ணும் கல்லும் சரிபாதி, நடுத்தரத்துக்கு மண் நாலு பங்கும் கல் ஆறு பங்கும், மட்டமானதற்கு மண் ஒன்றுக்குக் கல் மூன்று என்று அளவுகூடச் சொன்னார். ஒரு பாண்டம் எழுபது கைகள் மாறித்தான் முடிகிறது என்றும் எழுதினார். கயோலின் பீங்கானின் எலும்பு, வெள்ளைக்கல் அதன் சதை என்பது அங்குள்ளோர் பேச்சு. வெள்ளைக்கல்லை மட்டும் வாங்கிப்போய்த் தம் நாட்டில் பீங்கான் செய்யப் பார்த்துத் தோற்ற ஐரோப்பியரைப் பற்றி ஒரு சீன வணிகர், எலும்பில்லாத உடம்பைச் சதையை மட்டும் வைத்துச் செய்யப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாராம். பாரிஸில் ரெயோமூர் என்ற அறிவியலாளர் அந்தப் பொருள்களைச் சோதித்து, ஒன்று உருகுவது, மற்றது உருகாதது என்று சரியாகவே கணித்தார். ஆனாலும் பிரான்சில் வன்பீங்கான் வர இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. ஏனென்றால் கயோலின் எங்கே கிடைக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அது காலடியிலேயே இருந்தது. இங்கிலாந்தில் பிளிமத் நகர மருந்து வணிகர் வில்லியம் குக்வர்தி 1740-களில் கார்ன்வால் மலைகளில் அதைக் கண்டார். இருபது ஆண்டுகளுக்குமேல் முயன்று 1768-இல்தான் காப்புரிமை பெற்றார். அதே 1768-இல் பிரான்சின் லிமோஜ் அருகே சாந்திரியே ஊரில், அறுவை மருத்துவர் தார்னேயின் மனைவி துணி வெளுக்கப் பயன்படுமா என்று பார்த்துவைத்த வெள்ளை மண்ணைச் சோதித்தபோது அது உயர்தரக் கயோலின் என்று தெரிந்தது. லிமோஜ் பீங்கானின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

மெய்ஸன் ஆலை இன்றும் இயங்குகிறது. 1764-இல் அந்த ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஸைலிட்ஸ் என்ற சிற்றூரில் கயோலின் கிடைத்தது. ஆலைக்கு வேண்டிய மண்ணை இன்றளவும் அந்தச் சுரங்கத்திலிருந்துதான் எடுக்கிறார்கள்.